உழவு இயந்திரப் பெட்டி ஒன்றுக்கு எத்தனை வெல்டிங் குச்சி வேண்டும்? ஒட்டு உலோகத்தின் எடையைக் கணக்கிடும் வழி

காலபோக அறுவடை நெருங்கும் மாதங்களில் வன்னியின் ஒட்டுவேலைக் கூடங்களில் உழவு இயந்திரப் பெட்டிகளைப் புதிதாகச் செய்யும் வேலையும் பழையவற்றைத் திருத்தும் வேலையும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ கூடம் வைத்திருப்பவர் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போய் இரும்பு எடுத்து வரும்போது, அதே பயணத்தில் வெல்டிங் குச்சியையும் வாங்கி வர விரும்புவார். குறைவாக வாங்கினால் வேலை நடுவில் நின்றுவிடும். கூடுதலாக வாங்கினால், மாரியில் திறந்து கிடக்கும் பொதி ஈரத்தை உறிஞ்சி, அடுத்த வேலைக்குப் பயன்படாமற் போகும். ஆகவே ஒரு மூட்டுக்கு எவ்வளவு உலோகம் இட வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிடத் தெரிந்திருப்பது நல்லது. கணக்கு மிகவும் எளியது: ஒட்டின் குறுக்குவெட்டுப் பரப்பை அதன் நீளத்தால் பெருக்கினால் கனவளவு கிடைக்கும், அதை உலோகத்தின் அடர்த்தியால் பெருக்கினால் எடை கிடைக்கும். பெருக்குவதில் எவரும் அதிகம் பிழை விடுவதில்லை. பிழை நுழைவது குறுக்குவெட்டுப் பரப்பை எடுக்கும் இடத்திலும், கிடைத்த எடையைக் குச்சிகளின் எண்ணிக்கையாக மாற்றும் இடத்திலும்தான். எனவே இக்கட்டுரை அந்த இரண்டு இடங்களிலேயே அதிகம் தங்கும்.

முதலில் அலகுகளைச் சரிசெய்து கொள்ளுங்கள்

பரப்பை மில்லிமீற்றரிலும் நீளத்தை மீற்றரிலும் அளப்பது கூடத்தில் வழக்கம். அடர்த்தியோ நூல்களில் ஒரு கனமீற்றருக்கு 7850 கிலோகிராம் என்று இருக்கும். இவை மூன்றையும் அப்படியே பெருக்கினால் விடையில் பூச்சியங்கள் இடம் மாறி, ஒரு கிலோகிராம் என்பது பத்து இலட்சமாக வந்து நிற்கும். இதைத் தவிர்க்க ஒரு நேர் வழி உண்டு. ஒரு சதுர மில்லிமீற்றர் பரப்புள்ள கோடு ஒன்றை ஒரு மீற்றர் நீளத்துக்கு இட்டால் அதன் கனவளவு சரியாக ஒரு கனசென்ரிமீற்றர் ஆகும். மென்னுருக்கின் ஒரு கனசென்ரிமீற்றர் 7.85 கிராம் எடையுள்ளது. எனவே பரப்பைச் சதுர மில்லிமீற்றரில் எடுத்து 7.85 ஆல் பெருக்கினால், ஒரு மீற்றர் ஒட்டுக்கு எத்தனை கிராம் உலோகம் வேண்டும் என்பது இடையில் எந்த அலகு மாற்றமும் இல்லாமல் வந்துவிடும்.

```
எடை (கிராம்) = பரப்பு (சதுர மி.மீ.) × நீளம் (மீற்றர்) × 7.85
```

இங்கு இடவேண்டிய அடர்த்தி, நீங்கள் ஒட்டும் தகட்டின் அடர்த்தி அன்று. நிரப்பும் உலோகத்தின் அடர்த்தி. சாதாரண இரும்பு வேலையில் இரண்டும் ஒன்றே என்பதால் வேறுபாடு தெரியாது. ஆனால் உடைந்த வார்ப்பிரும்பு உறுப்பொன்றை நிக்கல் குச்சியால் ஒட்டும்போது, வார்ப்பிரும்பின் 7.2 ஐ அல்ல, நிக்கலின் 8.9 ஐயே எடுக்க வேண்டும். அலுமினியத்துக்கு 2.7, துருப்பிடிக்காத உருக்குக்கு ஏறத்தாழ 7.9. இனி வரும் கணக்குகள் யாவும் மென்னுருக்குக்கு உரியவை.

மூலை ஒட்டின் பரப்பு

ஒரு தகட்டின்மீது இன்னொன்றைச் செங்குத்தாக நிறுத்தி மூலையில் இடும் ஒட்டே உழவு இயந்திரப் பெட்டியில் மிகுதியாக வருவது. அதன் குறுக்குவெட்டு ஒரு செங்கோண முக்கோணம். மூலையிலிருந்து ஒவ்வொரு தகட்டின்மீதும் ஒட்டு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறதோ அதைக் கால் என்கிறோம். இரண்டு கால்களும் சமமாயின், கால் நீளத்தை அதனாலேயே பெருக்கி இரண்டால் வகுத்தால் பரப்பு கிடைக்கும். 5 மி.மீ. காலுக்கு 12.5 சதுர மில்லிமீற்றர், 6 மி.மீ. காலுக்கு 18, 8 மி.மீ. காலுக்கு 32. இவற்றை 7.85 ஆல் பெருக்கினால், மீற்றர் ஒன்றுக்கு முறையே 98, 141, 251 கிராம் உலோகம் தேவை என்று தெரியும். கால் 5 இலிருந்து 8 ஆகும்போது அளவு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் கூடுகிறது. உலோகமோ இரண்டரை மடங்குக்கு மேல் கூடுகிறது. 'எதற்கும் கொஞ்சம் தடிப்பாகப் போடுவோம்' என்று எண்ணிக் கால் அளவை ஒரு மில்லிமீற்றர் உயர்த்துபவர் இதை நினைவிற் கொள்ள வேண்டும். 5 ஐ 6 ஆக்கினாலே உலோகம் 44 வீதம் கூடிவிடும். குச்சி மட்டுமன்றி, நேரமும் மின்சாரமும் தகட்டுக்குள் போகும் வெப்பமும் அதற்கேற்பக் கூடும். மெல்லிய தகடு வளைந்து கொடுப்பதற்கு அந்த வெப்பமே காரணம்.

வரைபடத்தைப் பார்த்து வேலை செய்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒட்டின் அளவை வரைபடத்தில் இரண்டு விதமாகக் குறிப்பதுண்டு. இலக்கத்துக்கு முன் z என்ற எழுத்து இருந்தால் அது கால் நீளம். a என்ற எழுத்து இருந்தால் அது தொண்டை, அதாவது மூலையிலிருந்து ஒட்டின் மேற்பரப்புக்கு உள்ள மிகக் குறுகிய தூரம். சமகால் ஒட்டில் தொண்டை என்பது காலின் 0.7 மடங்கு. எனவே a6 என்று எழுதியிருந்தால் கால் 8.5 மி.மீ. ஆக வேண்டும், அதன் பரப்பு 36 சதுர மில்லிமீற்றர். z6 இன் பரப்போ 18 தான். ஓர் எழுத்தைக் கவனியாமல் விட்டால் வாங்க வேண்டிய குச்சி இரட்டிப்பாகவோ பாதியாகவோ மாறிவிடும். பாதியாகக் கணித்து அப்படியே ஒட்டினால், குச்சிக் கணக்கை விடவும் பெரிய கேடு அந்த மூட்டின் வலிமைக்கு வந்து சேரும்.

மேலே சொன்ன முக்கோணம் தாளில் இருக்கும் முக்கோணம். உண்மையான ஒட்டின் மேற்பரப்பு நேர்கோடாக இராது, சற்றுப் புடைத்திருக்கும். கை பழகிய ஒருவர் நல்ல மின்னோட்டத்தில் கிடையாக ஒட்டினால் இந்தப் புடைப்புக்கு 10 வீதம் சேர்த்தாற் போதும். புதியவர் 15 வீதம் சேர்ப்பது பொருத்தம். மின்கம்பி வரிசையின் கடைசியில் இருக்கும் ஊர்களில் மாலை வேளையில் மின்னழுத்தம் இறங்கும். அப்போது மின்னோட்டமும் குறைந்து, உருகிய உலோகம் பரவாமல் குவிந்து நிற்கும். அத்தகைய ஒட்டில் புடைப்பு 20 வீதத்தையும் தாண்டும். குவிந்த ஒட்டு பார்வைக்குப் பெரிதாகத் தெரிந்தாலும், தொண்டை வளர்வது அந்தப் புடைப்பினால் அன்று, கால் ஏறுவதனால் என்று எண்ணி வேலை செய்வதே பாதுகாப்பானது. அதாவது அங்கே செலவாகும் உலோகம் வீண் செலவு.

இரண்டு தகடுகளும் நன்றாகப் பொருந்தாமல் இடையில் வெளி இருந்தால் கணக்கு மேலும் மாறும். அந்த வெளி ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேற்பட்டால், வெளியின் அளவைக் கால் நீளத்தோடு கூட்டி ஒட்ட வேண்டும் என்பதே நடைமுறை. இல்லாவிட்டால் காலின் ஒரு பகுதி வெறும் வெளியை நிரப்புவதிலேயே முடிந்து, மூட்டைத் தாங்கும் தொண்டை குறைந்துவிடும். 5 மி.மீ. ஒட்டுக்கு 2 மி.மீ. வெளி இருந்தால் கால் 7 மி.மீ. ஆகும், பரப்பு 12.5 இலிருந்து 24.5 ஆகும். சனல் இரும்பின் முனையைச் சதுரமாக வெட்டாத ஒருவர் அந்த மூட்டுக்கு ஏறக்குறைய இரு மடங்கு குச்சி செலவிடப் போகிறார் என்பதே இதன் பொருள். கிரைண்டரால் முனையைச் சீராக்கச் செலவாகும் இரண்டு நிமிடம் இதைவிட மலிவு.

வி வடிவ மூட்டின் பரப்பு

இரண்டு தடித்த தகடுகளை விளிம்போடு விளிம்பாக ஒட்டும்போது விளிம்புகளைச் சாய்த்து வெட்டி, இடையே வி வடிவப் பள்ளம் ஒன்றை அமைக்கிறோம். இதன் பரப்பைச் சூத்திரமாக மனனம் செய்வதை விட, பள்ளத்தைத் தெரிந்த வடிவங்களாகப் பிரிப்பது எளிது. 10 மி.மீ. தகட்டை எடுத்துக்கொள்வோம். அடியில் 2 மி.மீ. இடைவெளி விடுகிறோம், அடி விளிம்பில் 2 மி.மீ. உயரத்தைச் சாய்க்காமல் நேராக விடுகிறோம். பள்ளத்தின் முழுக் கோணம் 60 பாகை. இப்போது நடுவில் 2 மி.மீ. அகலமும் 10 மி.மீ. உயரமும் உள்ள நீள்சதுரம் இருக்கிறது: 20 சதுர மில்லிமீற்றர். அதன் இரு பக்கமும் இரண்டு செங்கோண முக்கோணங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் உயரமும் 8 மி.மீ.; மேல் அகலம் 8 ஐ 0.577 ஆல் பெருக்கினால் வரும் 4.6 மி.மீ. இரண்டையும் சேர்த்தால் 37 சதுர மில்லிமீற்றர். இவற்றுக்கு மேலே ஒட்டு தகட்டின் மட்டத்தைத் தாண்டிச் சற்று உயர்ந்து நிற்கும். பள்ளத்தின் மேல் அகலம் 11.2 மி.மீ.; ஒட்டு இரு பக்கமும் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தகட்டின்மேல் படியும் என்பதால் 13 மி.மீ. என்று கொள்ளலாம். உயரம் 1.5 மி.மீ. இந்த வளைந்த மூடிக்கு, அகலத்தையும் உயரத்தையும் பெருக்கி மூன்றில் இரண்டு பங்கை எடுக்க வேண்டும்: 13 சதுர மில்லிமீற்றர். மூன்றையும் கூட்டினால் 70. ஒரு மீற்றருக்கு 550 கிராம்.

0.577 என்பது 30 பாகையின் தாஞ்சன். வி பள்ளத்தின் கோணத்தில் பாதியைத்தான் எடுக்க வேண்டும் என்பதை மறந்து, 60 பாகைக்குரிய 1.73 ஐ இடுபவர்கள் உண்டு. அப்போது முக்கோணங்களின் பரப்பு மும்மடங்காகிவிடும். தாஞ்சன் வேண்டாம் என்று நினைப்பவர் பாடசாலை வரைபுத்தாளில் மூட்டின் குறுக்குவெட்டை உண்மை அளவிலேயே கீறி, உள்ளே வரும் ஒரு மில்லிமீற்றர் சதுரங்களை எண்ணலாம். கைவெட்டில் வந்த ஒழுங்கற்ற பள்ளங்களுக்கு இதுவே நம்பகமான முறை என்பது என் கருத்து. ஏனெனில் வெட்டும் கிரைண்டரும் கையால் பிடிக்கப்படும்போது 60 பாகை என்று எண்ணிய பள்ளம் 90 பாகைக்கு அருகில் போய்விடுவது அரிதன்று. 90 பாகையானால் இரண்டு முக்கோணங்களும் சேர்ந்து 64, மூடி 20, நடு நீள்சதுரம் 20 என்று மொத்தம் 104 சதுர மில்லிமீற்றர் ஆகிவிடும். 70 க்கு வாங்கிய குச்சி அங்கே போதாது.

இன்னொரு சிறு குறிப்பு. ஒட்டும்போது தகட்டின் உலோகமும் கொஞ்சம் உருகிக் கலக்கும். ஒட்டை அறுத்துப் பார்த்தால் அந்தப் பகுதியும் ஒட்டாகவே தெரியும். ஆனால் அது தகட்டிலிருந்து வந்தது, குச்சியிலிருந்து வந்ததன்று. எனவே பரப்பில் அதைச் சேர்க்கக் கூடாது.

உலோகத்தின் எடை, குச்சியின் எடை அன்று

கணக்கிட்ட எடையை அப்படியே கடையில் சொல்லி அத்தனை கிலோகிராம் குச்சி வாங்குவதே புதியவர் மிக அதிகமாகச் செய்யும் பிழை. குச்சியின் மேற்பூச்சு உருகிக் கசடாகவும் புகையாகவும் போகிறது; கடைசியில் பிடியில் ஒரு கட்டை மிஞ்சுகிறது; உலோகத்தின் ஒரு பகுதி பொறியாகத் தெறிக்கிறது. இவ்வளவும் போக மூட்டில் தங்குவதையே நாம் கணக்கிட்டிருக்கிறோம்.

ஒரு குச்சி எவ்வளவு உலோகம் தரும் என்பதை அதன் உட்கம்பியிலிருந்து கணிக்கலாம். அதற்கும் அதே பரப்பு, நீளம், அடர்த்தி முறைதான். எங்கள் கூடங்களில் அதிகம் புழங்கும் 6013 வகையின் 3.2 மி.மீ. குச்சியில், 3.2 என்பது பூச்சை விட்டு உட்கம்பியின் விட்டம். அதன் குறுக்குவெட்டுப் பரப்பு 8.04 சதுர மில்லிமீற்றர். குச்சியின் நீளம் 350 மி.மீ.; அதில் 50 மி.மீ. கட்டையாக எறியப்படும், எரிவது 300 மி.மீ., அதாவது 0.3 மீற்றர். 8.04 ஐ 0.3 ஆலும் 7.85 ஆலும் பெருக்கினால் 18.9 கிராம் வருகிறது. தெறிப்புக்குப் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் 17 கிராம். ஆக, ஒரு குச்சிக்கு 17 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். இதே முறையில், 2.5 மி.மீ. விட்டமும் 350 மி.மீ. நீளமும் உள்ள குச்சி ஏறத்தாழ 10.4 கிராம் தரும். பூச்சோடு சேர்த்து 3.2 மி.மீ. குச்சி ஒன்று ஏறத்தாழ 30 கிராம் எடை வரும். ஆகவே வாங்கும் எடையில் பாதிக்குச் சற்று அதிகமான பங்கே மூட்டில் தங்குகிறது.

இந்த உட்கம்பிக் கணக்கு எல்லாக் குச்சிக்கும் பொருந்தாது. 7018 வகையின் பூச்சில் இரும்புத் தூள் கலந்திருக்கும்; அதுவும் உருகி ஒட்டில் சேர்வதால், உட்கம்பி எரிந்த அளவை விடக் கூடுதலான உலோகம் மூட்டில் இறங்கும். கட்டையை 80 மி.மீ. நீளத்தில் எறியும் பழக்கம் உள்ளவருக்கு 6013 இலும் பத்து வீதம் குறைவாகவே கிடைக்கும். ஈரம் பிடித்த குச்சி அதிகமாகத் தெறிக்கும். மாரியில் திறந்து வைத்த பொதிக்கு 17 கிராமை நம்ப வேண்டாம்.

ஆகையால் உங்கள் கைக்கும் உங்கள் குச்சிக்கும் உரிய எண்ணை ஒருமுறை சோதித்து எடுத்துவைப்பது சிறந்தது. துருவையும் நிறப்பூச்சையும் கம்பித் தூரிகையால் நீக்கிய ஒரு கழிவுத் தகட்டைத் தராசில் நிறுத்து, எடையை எழுதிவையுங்கள். அதன்மேல் ஐந்து குச்சிகளை வழக்கமான மின்னோட்டத்தில், வழக்கமான கட்டை நீளம் வரை எரியுங்கள். கசடு முழுவதையும் கொத்தி நீக்குங்கள். தகட்டில் ஒட்டிய தெறிப்புகளை உளியால் தட்டி அகற்றுங்கள். தகடு தானாக ஆறிய பின்பே மீண்டும் நிறுக்க வேண்டும். சூடான தகடு தராசைக் கெடுக்கும், தண்ணீரில் அமிழ்த்தினால் ஒட்டியிருக்கும் நீரும் எடையில் சேரும். இரண்டு எடைகளின் வித்தியாசத்தை ஐந்தால் வகுத்தால் ஒரு குச்சியின் விளைவு தெரியும். கடைத் தராசு ஐந்தைந்து கிராமாகவே காட்டுமாயின் பத்துக் குச்சி எரித்துப் பாருங்கள். அப்போது தராசின் பிழை மூன்று வீதத்துக்குள் அடங்கும். 3.2 மி.மீ. 6013 குச்சிக்கு 16 முதல் 19 கிராம் வரை வந்தால் எல்லாம் ஒழுங்கு. 14 க்குக் கீழே வந்தால் கட்டை நீளமா, ஈரமா, மின்னோட்டம் மிகையா என்று தேட வேண்டும்.

ஒரு பெட்டியின் அடிச்சட்டம்: முழுக் கணக்கு

நான்கு சில்லு உழவு இயந்திரத்துக்குப் பின்னால் பூட்டும் பெட்டி ஒன்றின் அடிச்சட்டத்தை எடுத்துக்கொள்வோம். கணக்கைத் தொடங்குமுன் சட்டத்தில் வரும் ஒட்டுகளை, அளவு ஒன்றாக இருப்பவற்றை ஒரே வரியில் வைத்து, தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். நீளங்களை நினைவிலிருந்து எழுதாமல் நாடாவால் அளந்து எழுதுவதே முறை, ஏனெனில் சனல் இரும்பின் முனையைச் சுற்றி வரும் ஒட்டின் நீளம் கண்ணுக்குத் தெரிவதை விட எப்போதும் அதிகம்.

இரண்டு நீள வளைகளுக்கு இடையே ஆறு குறுக்குச் சனல்கள் வருகின்றன. ஒவ்வொரு முனையிலும் சுற்றி வரும் ஒட்டு 200 மி.மீ.; பன்னிரண்டு முனைகளுக்கு 2.4 மீற்றர். கால் 5 மி.மீ. என்பதால் பரப்பு 12.5, புடைப்புக்கு 15 வீதம் சேர்த்தால் 14.4. மீற்றருக்கு 113 கிராம் என்ற கணக்கில் 271 கிராம் ஆகிறது.

அடித்தளத் தகடு 3 மி.மீ. தடிப்பு. அதைச் சட்டத்தோடு விட்டு விட்டு ஒட்டுகிறோம்: ஒவ்வொரு 150 மில்லிமீற்றருக்கும் 50 மி.மீ. ஒட்டு. தகடு சட்டத்தில் படும் கோடுகளின் மொத்த நீளம் 12 மீற்றர். அதில் மூன்றில் ஒன்று, அதாவது 4 மீற்றரே உண்மையில் ஒட்டப்படுகிறது. 12 மீற்றரையும் கணக்கில் சேர்த்துவிடுவது அடிக்கடி நேரும் பிழை. இங்கே கால் 3 மி.மீ. போதும். ஆனால் குச்சியால் 3 மி.மீ. காலை ஒரே சீராக இடுவது புதியவருக்குக் கைகூடாது, 2.5 மி.மீ. குச்சியாலும் 4 மி.மீ. ஆகவே விழும். எனவே தாளில் உள்ள அளவை அல்லாமல் கையில் வரும் அளவையே கணக்கில் எடுக்கிறேன்: பரப்பு 8, புடைப்போடு 9.2, மீற்றருக்கு 72 கிராம், மொத்தம் 289 கிராம். மூன்று மில்லிமீற்றருக்கே கணக்கிட்டிருந்தால் 162 கிராம்தான் வந்திருக்கும். மிச்சம் 127 கிராம், அதாவது பன்னிரண்டு குச்சிகளுக்கு மேல், எங்கே போனது என்று பிறகு தேட வேண்டியிருக்கும்.

இழுவைச் சட்டமும் கொளுவித் தகடும் 8 மி.மீ. காலோடு ஒட்டப்படுகின்றன, மொத்த நீளம் 1.2 மீற்றர். பரப்பு 32, புடைப்போடு 36.8, மீற்றருக்கு 289 கிராம், மொத்தம் 347 கிராம். நெல் மூட்டைகள் ஏற்றிய பெட்டியின் முழு இழுவையும் இங்கேதான் தாங்கப்படுகிறது. குச்சியை மிச்சம் பிடிப்பதற்காக இந்த இடத்தில் காலைக் குறைக்கக் கூடாது. ஒட்டின் அளவை மூட்டின் சுமை தீர்மானிக்கிறது; எடைக் கணக்கு அதற்குப் பின்பே வருகிறது.

கொளுவிக்கு வேண்டிய 10 மி.மீ. தகடு ஒரே துண்டாகக் கிடைக்காமல், இரண்டு இடங்களில் 150 மி.மீ. அகலத்துக்கு வி வடிவ மூட்டால் சேர்க்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீளம் 0.3 மீற்றர், மீற்றருக்கு 550 கிராம், மொத்தம் 165 கிராம். அடித்தளத்தின் நான்கு மீற்றர் ஒட்டுக்குப் போன உலோகத்தில் பாதிக்கு மேல் இந்த 30 சென்ரிமீற்றருக்குப் போகிறது. ஒரே துண்டுத் தகடு வாங்க முடியுமாயின் அதையே வாங்குங்கள் என்று சொல்வேன். குச்சியும் நேரமும் மிஞ்சும், இழுவை தாங்கும் இடத்தில் மூட்டு ஒன்றும் குறையும்.

நான்கையும் கூட்டினால் 1072 கிராம் ஒட்டு உலோகம். இதில் அடித்தளத்தின் 289 கிராமை 2.5 மி.மீ. குச்சியால் இடுகிறோம், 10.4 ஆல் வகுத்தால் 28 குச்சி. மிகுதி 783 கிராம் 3.2 மி.மீ. குச்சியால், 17 ஆல் வகுத்தால் 46 க்குச் சற்று மேல், ஆகவே 47 குச்சி. பிடிப்பு ஒட்டுகளுக்கும், பூச்சு உடைந்த குச்சிகளுக்கும், கிரைண்டரால் வெட்டி மீண்டும் ஒட்ட நேரும் இடங்களுக்கும் பத்து வீதம் சேர்த்தால் முறையே 31 உம் 52 உம் ஆகும். எடையில் சொன்னால் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 2.1 கிலோகிராம், மூட்டில் தங்கும் உலோகமோ ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேல். பொதியின் எடை வேறுபடும் என்பதால், கடையில் ஒரு பொதியின் எடையை அதிலுள்ள எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்து, எத்தனை பொதி வேண்டும் என்பதை எண்ணிக்கையைக் கொண்டே முடிவு செய்யுங்கள்.

வேலை நடக்கும்போதே சரிபார்ப்பது

இந்தக் கணக்கின் உண்மையான பயன் கடையோடு முடிவதில்லை. ஒரு குச்சி தரும் 17 கிராமை, ஒரு மீற்றருக்கு வேண்டிய எடையால் வகுத்தால், ஒரு குச்சி எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்பது தெரியும். 5 மி.மீ. ஒட்டுக்கு 17 ஐ 113 ஆல் வகுத்தால் 0.15 மீற்றர், அதாவது 150 மி.மீ. மூட்டில் 150 மி.மீ. தூரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு கீறிவிட்டு ஒட்டத் தொடங்குங்கள். குச்சி அந்தக் கோட்டருகில் முடிந்தால் கால் 5 மி.மீ. அளவில் வந்திருக்கிறது. 100 மில்லிமீற்றரிலேயே முடிந்துவிட்டால் கை மெதுவாகப் போகிறது, கால் 6 ஐத் தாண்டிவிட்டது. கோட்டைக் கடந்து 200 மி.மீ. வரை ஓடினால் கால் 4.3 மி.மீ. அளவுக்கு இறங்கிவிட்டது என்று கொண்டு, அளவுகோலை வைத்துப் பார்த்து, இன்னொரு ஓட்டம் இட வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். 8 மி.மீ. ஒட்டை ஒரே ஓட்டத்தில் இட முடியாது. அங்கே எல்லா ஓட்டங்களையும் சேர்த்து ஒரு குச்சிக்கு 59 மி.மீ. நீளம் முடிய வேண்டும். மூன்று ஓட்டமாக இடுவதாயின் ஒவ்வொரு ஓட்டத்திலும் குச்சி 175 மி.மீ. அளவில் ஓடும்.

வேலை முடிந்த பின் எறிந்த கட்டைகளை எண்ணுங்கள். இதற்காகக் கட்டைகளைத் தரையில் வீசாமல், குறுக்குச் சனலுக்கு ஒரு பேணி, அடித்தளத்துக்கு ஒன்று, இழுவைச் சட்டத்துக்கு ஒன்று என்று தனித்தனியே போட்டுவையுங்கள். இழுவைச் சட்டத்தின் 8 மி.மீ. ஒட்டுக்கு 21 கட்டை வர வேண்டியிருக்க, பேணியில் 27 இருந்தால், முதலில் கட்டைகளின் நீளத்தை அளந்து பாருங்கள். அவை 50 மி.மீ. அளவிலேயே இருந்தால், மிகுதி உலோகம் ஒட்டின் பரப்பில்தான் ஏறியிருக்க வேண்டும். 27 ஐ 21 ஆல் வகுத்தால் 1.29, பரப்பு கால் நீளத்தின் வர்க்கமாக மாறுவதால் இதன் வர்க்கமூலம் 1.13 ஐ எடுங்கள். 8 ஐ அதனால் பெருக்கினால் கால் ஏறத்தாழ 9 மி.மீ. ஆகியிருக்கிறது. அளவுகோலும் 9 என்று காட்டினால் அடுத்த பெட்டிக்குக் கணக்கை மாற்ற வேண்டியதில்லை, கையின் வேகத்தைக் கூட்ட வேண்டும். அளவுகோல் 8 என்று காட்டினால், பொருத்தத்தில் வெளி இருந்ததா, ஒட்டு மிகவும் புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், உங்கள் குச்சி 17 கிராம் தரவில்லை, சோதனைத் தகட்டை மறுபடியும் தராசில் ஏற்றிப் பார்க்க வேண்டியதுதான்.